கமா அக்காவின் உண்மை நகல்

நீதிமன்றப் பதிவறையில் நான் காப்பாளராக இருந்த காலத்தில், அடுத்த அறையான நகல் பிரிவிலிருந்து ஒரு குரல் காலை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். "மனுதாரர் கமா எதிர்மனுதாரர் கமா ஆகிய இருவரும் அடைப்புக்குறிக்குள் இனி தரப்பினர் என்று அழைக்கப்படுபவர்கள் அடைப்புக்குறி முடிந்தது..." பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தினுசு. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை அலுவலகத்தில் எல்லோரும் கமா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மாறுதலாகி வரும் நீதிபதிகளுக்குக்கூட ஒரு மாதத்தில் அந்தப் பெயர் பழகிவிடும்.

அவருடைய வேலை ஒப்புநோக்குவது. யாராவது ஒரு தீர்ப்புக்கோ ஆணைக்கோ சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பித்தால், பதிவறையிலிருந்து அசல் கட்டு நகல் பிரிவுக்குப் போகும். அங்கே நகல் எடுப்பார்கள். பிறகு ஒருவர் அசலை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே வருவார். சரியாக இருந்தால் இருவரும் சுருக்கொப்பம் இடுவார்கள். "உண்மை நகல்" என்ற முத்திரை விழும். விண்ணப்பித்த நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் எல்லாம் எழுதி, கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடுவார். கடைசியாக நீதிமன்ற முத்திரை.

நகல் எடுக்கும் இயந்திரம் வந்த பிறகு இந்தப் படிப்பு எதற்கு என்று ஒரு கண்காணிப்பாளர் கேட்டார். "மெஷின் எழுத்தை மாத்தாது சார், ஒத்துக்கறேன். ஆனா பக்கத்தை முழுங்கும், ஓரத்தைக் கடிக்கும். அதுக்குப் பசிக்காத நாளா பார்த்து நிறுத்திக்கலாம்" என்றார் அக்கா. படிப்பு தொடர்ந்தது.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, முறைப்படி இதே நீதிமன்றத்தில் மனுப் போட்டு, மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தத்து எடுத்துக்கொண்டார். அது தொண்ணூற்று ஒன்றாம் வருடம். குழந்தைக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே விஷயத்தை மறைக்காமல் சொல்லி வளர்த்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். சத்தமாகப் படித்தால் அதுவும் கமா சொல்லும். பிற்பாடு எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு படித்து, மருத்துவமனை வேலைக்குப் போனது. கல்யாணமும் ஆனது.

மாப்பிள்ளை புகைப்படக்காரர். கல்யாண ஆல்பம் செய்வதில் கெட்டிக்காரர். கறை, கீறல், முகப்பரு, சட்டையில் சிந்திய காப்பி, எதுவும் அவர் கணினிக்கு முன்னால் நிற்காது. சொந்தக்காரர் சண்டைக்குப் பிறகு, குடும்பப் படத்திலிருந்து ஒரு சித்தப்பாவையே சுவடில்லாமல் எடுத்திருக்கிறார். சமாதானமான பிறகு திரும்ப வைத்தும் கொடுத்திருக்கிறார். அக்கா அவரை மாப்பிள்ளை என்று நேரில் கூப்பிடுவார், எங்களிடம் பேசும்போது "எங்க ஆல்பம்" என்பார்.

அக்கா ஓய்வு பெற இருந்த வருடத்தில், மகளுக்கு வேறொரு நாட்டு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. மகளும் மாப்பிள்ளையும் போக விண்ணப்பித்தார்கள். அம்மாவைத் தனியே விட்டுப் போக மகளுக்கு மனமில்லை. "நீ வரலைன்னா நானும் போகலை" என்று ஒரே பிடி. மகளை அண்டியிருக்கும் தாய் என்ற முறையில் அக்காவுக்கும் அனுமதி கேட்டுத் தனியாக ஒரு விண்ணப்பம் போடலாம் என்று தெரிந்தது. அதற்குத் தாய் மகள் உறவுக்கு ஆதாரம் வேண்டும். மற்றவர்கள் பிறப்புச் சான்றிதழைக் காட்டுவார்கள். இவர்களுக்கு இருந்தது அந்தத் தத்து ஆணை ஒன்றுதான்.

வலைத்தளத்தில் எல்லாவற்றையும் ஏற்றும் பொறுப்பை மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். மகள் பணியில் இருந்தாள், அக்கா அலுவலகத்தில் இருந்தார். அவர் ஏற்றிய கோப்பை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. சில வாரம் கழித்து அனுமதி அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அக்கா மறுநாள் அதை அச்செடுத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். படித்துக் காட்டாமல் அவர் ஒரு காகிதத்தை என்னிடம் தந்தது அதுதான் முதல் தடவை.

கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. நீங்கள் அனுப்பிய பிடிஎஃப் கோப்பு உருவான தேதியாக, தொண்ணூற்று ஒன்றில் அந்த ஆணை பிறந்த தேதியே கோப்பின் விவரங்களில் காணப்படுகிறது. அந்த ஆண்டில் இந்த வகைக் கோப்பே புழக்கத்தில் இல்லை. கோப்பை உருவாக்கிய மென்பொருளாக அண்மைக்கால கைப்பேசிச் செயலி ஒன்றின் பெயர் பதிவாகியுள்ளது. மேலும், மூன்று பக்கங்களிலும் உள்ள முத்திரைகள் அச்சு அசலாக ஒரே மாதிரி, வளையத்தில் ஒரே இடத்தில் ஒரே முறிவோடு இருக்கின்றன. கையால் குத்திய முத்திரைகள் அப்படி அமையா. நகல் வழங்கிய அலுவலகத்தின் சான்றுரையும் காணப்படவில்லை. ஆவணம் திருத்தப்பட்டதாகக் கருத இடமிருக்கிறது. விளக்கம் தராவிட்டால், உறவு நிரூபிக்கப்படவில்லை என்று விண்ணப்பம் தள்ளுபடியாகும். அதன் பிறகு சில வருடங்களுக்கு மறு விண்ணப்பம் ஏற்கப்படாது.

"உறவு நிரூபிக்கப்படலையாம்" என்றார் அக்கா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க சார். நான் மட்டும் பேசினா மாமியார் பேச்சாயிடும்."

போனேன். கூடத்தில் பாதி கட்டிய பெட்டிகள். மகள் சோபாவின் ஒரு முனையில், மாப்பிள்ளை மறுமுனையில். நடுவில் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். மாப்பிள்ளை மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். குற்றம் செய்தவர் முகமாக இல்லை, குழம்பியவர் முகமாக இருந்தது.

"சார், அதுல அசல் ஆவணத்தோட ஸ்கேன்னு கேட்டிருந்தாங்க. நான் ஸ்கேன் பண்ணிட்டு ப்ராப்பர்டீஸ் பார்த்தா, உருவான தேதி இன்னைக்குன்னு காட்டுது. பழைய ஆர்டரு, இன்னைக்கு உருவானதுன்னு இருந்தா போலின்னு நினைப்பாங்கன்னு ஆர்டர் தேதியைப் போட்டேன். எங்க தொழில்ல தினமும் பண்றதுதான் சார். தாத்தா காலத்துப் படத்தை ஸ்கேன் பண்ணா, படம் எடுத்த வருஷத்தைப் போட்டாதான் ஆல்பத்துல வரிசையா வரும்."

"ஆல்பத்துல சரி" என்றேன்.

"சீல்?" என்று கேட்டாள் மகள், அவர் பக்கம் திரும்பாமல்.

"ரெண்டு பக்கத்துல மங்கிப் போயிருந்துச்சு. நல்லா இருந்த ஒண்ணை எடுத்து மத்ததுல வச்சேன். இல்லாத சீலையா வச்சேன்? அங்க இருந்த சீல்தானே?"

"எத்தனை ஆல்பம் போட்டிருப்பீங்க! ஒரே மூஞ்சியை மூணு பேர் கழுத்துல வச்சா சொந்தக்காரன் கண்டுபிடிக்க மாட்டானா?" என்றாள் அவள்.

அக்கா வீட்டிலிருந்த காகிதக் கட்டை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கீழே, மங்கிய ஊதா மையில், "உண்மை நகல்" என்ற முத்திரையும், ஒப்புநோக்கியவர்களின் சுருக்கொப்பமும், கண்காணிப்பாளர் கையெழுத்தும், நகல் கொடுத்த நாளும் இருந்தன. தத்து முடிந்த அன்றே அவர் எல்லா மனுதாரர்களையும் போல விண்ணப்பித்து வாங்கிய நகல் அது.

"இது எங்க, மாப்பிள்ளை? நீங்க ஏத்தினதுல காணோமே?"

மாப்பிள்ளை அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தார். "அத்தை... அதுல நகல்னு போட்டிருந்துச்சு. அவங்க அசல் கேட்டாங்க. அதான்... துடைச்சிட்டேன்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை. மகளுக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டாள்.

"வருஷக்கணக்கா அந்த முத்திரையைக் குத்தித்தான் மாப்பிள்ளை உங்க பொண்டாட்டிக்குப் பால் வாங்கினேன். அது ஒண்ணுதான் அந்தக் காகிதத்துக்கு உயிரு. மத்ததை எல்லாம் விட்டுட்டு அதைப் போய்த் துடைச்சிருக்கீங்களே!"

வீட்டில் இருந்தது எப்போதும் நகல்தான். அசல் எங்கள் பதிவறையில், துணி சுற்றிய கட்டில், மூன்றாவது வரிசை இரும்பு அலமாரியில் இருக்கிறது. யாருடைய வீட்டுக்கும் அது போகாது. வலைத்தளத்திலும் அசல் வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கவில்லை. அடுத்த வரியிலேயே "அல்லது வழங்கிய அலுவலகத்தின் சான்றிட்ட நகல்" என்று இருந்தது. மாப்பிள்ளை முதல் வரியோடு நின்றுவிட்டார். ஸ்கேனை அப்படியே, அன்றைய தேதியோடு ஏற்றியிருந்தால் எந்தக் கேள்வியும் வந்திருக்காது. கோப்பு பிறந்த நாள் வேறு, ஆணை பிறந்த நாள் வேறு என்பது அந்த அலுவலகத்துக்குத் தெரியாததல்ல. மெய்யான ஒரு காகிதத்தை, அது மெய்யாகத் தெரியவேண்டும் என்று பாடுபட்டுப் போலியாக்கியிருந்தார் மாப்பிள்ளை.

"இப்ப ஒண்ணும் குடி முழுகிடலை" என்று அவர் மடிக்கணினியை இழுத்துக்கொண்டார். "இதையே பிரிண்ட் போட்டு, திரும்ப ஸ்கேன் பண்ணா பழைய விவரம் எதுவும் கோப்புல இருக்காது. சீலையும் ஒவ்வொண்ணு ஒவ்வொரு மாதிரி கோணலா வச்சிடறேன். மொதல்ல ஏத்தினது தவறான ஃபைலுன்னு சொல்லிடலாம். அரை மணி நேர வேலை."

"பொய்யை இஸ்திரி போடறீங்க" என்றாள் மகள்.

"உன் அம்மா உன்கூட வரணும்னுதானே சொல்றேன்!"

அதில் அவர் பொய் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனாலேயே பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. அக்கா எழுந்து அவர் பக்கத்தில், அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தார்.

"அப்படிப் போயி அவங்க நம்பிட்டாங்கன்னு வையுங்க மாப்பிள்ளை. இவ எம்பொண்ணுன்னு அவங்க கையில இருக்கறது நீங்க செஞ்ச காகிதமா இருக்கும். ஜட்ஜு குடுத்தது இல்ல. எனக்கு அது வேண்டாம். போகலைன்னாலும் பரவால்ல."

"அம்மா!" என்றாள் மகள்.

"இரு. போகலாம். நேரா போகலாம்."

நேரான வழி இரண்டு பகுதியாக இருந்தது. முதலாவது, நீதிமன்றத்திலிருந்து புதிய சான்றிட்ட நகல் வாங்குவது. அது எளிது. இரண்டாவது, நடந்ததை அப்படியே எழுதி, முதலில் ஏற்றிய கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வது. அதில் கையெழுத்துப் போடவேண்டியவர் மாப்பிள்ளை. அவருடைய சொந்த விண்ணப்பமும் அதே அலுவலகத்தில் நிலுவையில் இருந்தது. ஆவணத்தைத் திருத்தினேன் என்று எழுதிக் கொடுத்தால் அது எங்கே போய் முட்டும் என்று யாருக்கும் தெரியாது. அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு, "வார்த்தை எல்லாம் நீங்க சொல்லுங்க சார்" என்றார்.

"வார்த்தை உங்களுது. புள்ளி வைக்க அக்கா இருக்காங்க" என்றேன்.

மறுநாள் காலை அக்கா வேலைக்கு வரவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, முன்வாசல் வழியாக வந்து, விண்ணப்பதாரர்கள் வரிசையில் நின்றார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த முத்திரைக்காரர், எங்கள் எல்லோருக்கும் சீல் அண்ணன், அவரைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னக்கா இது, உள்ள வாங்க! நீங்க வரிசையில நின்னா நாங்க என்ன மனுஷங்களா?"

"என் காகிதத்தை நானே ஒப்புநோக்கினா நீங்க என்ன ஆபீசா? விண்ணப்பத்தை வாங்குங்க. நம்பர், வருஷம் எல்லாம் எழுதியிருக்கேன். ஸ்டாம்பும் ஒட்டியாச்சு."

"பழைய நகல் நம்மகிட்ட வாங்கினதுதானே? அதே தேதியைப் போட்டுக் குடுத்திடலாம். இன்னைக்குத் தேதி எதுக்கு, அவங்க திரும்பக் கேள்வி கேட்கவா?"

வரிசையில் பின்னால் நின்ற மாப்பிள்ளையின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். மலர்ந்தது வாடியது.

"இன்னைக்குக் குடுக்கற நகலுக்கு இன்னைக்குத் தேதி, அண்ணே. ஆர்டர் தேதி ஆர்டர்லயே இருக்கு, அது எங்கயும் ஓடிடாது. வீட்டுல ஒரு ஆல்பம் போதும் எனக்கு."

கட்டு என் அறையிலிருந்து போனது. அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை. நகல் எடுத்து முடித்ததும், அசலைப் படிக்கும் வேலை சீல் அண்ணனுக்கு வந்தது. நகலில் விரல் வைத்துக்கொண்டு தட்டச்சர் அம்மா எதிரே உட்கார்ந்தார். சீல் அண்ணன் படித்துப் பழக்கமில்லாதவர். ரயில் மாதிரி ஓடினார்.

"மனுதாரர் அரசு ஊழியர் திருமணமாகாதவர் குழந்தையின் நலனைக் கருத்தில் கொண்டு..."

"ஊழியருக்கு அப்புறம் கமா!" என்று ஜன்னலுக்கு வெளியே இருந்து குரல் வந்தது.

"விண்ணப்பதாரர் பேசக் கூடாது!" என்றார் தட்டச்சர் அம்மா. ஆனாலும் விரலைப் பின்னுக்கு நகர்த்திப் பார்த்தார். "இருக்குண்ணே. கமா இருக்கு. முதல்லேர்ந்து வாங்க."

அதன் பிறகு சீல் அண்ணன் நிதானமானார். கமா கமாவாக, புள்ளி புள்ளியாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் குரல் இன்னும் தாழ்ந்தது.

"விசாரணையின்போது கமா குழந்தை மனுதாரரின் மடியை விட்டு இறங்க மறுத்ததை இந்நீதிமன்றம் நேரில் கண்டது புள்ளி. இதற்கு மேல் சாட்சியம் தேவை என்று இந்நீதிமன்றம் கருதவில்லை புள்ளி."

வெளியிலிருந்து திருத்தம் எதுவும் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அக்கா மடியில் வைத்திருந்த கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியை ஸ்கேன் செய்தபோது அவர் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பார். கறை இருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, படிக்கவில்லை.

சுருக்கொப்பம் இரண்டும் விழுந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையைக் குத்தினார் சீல் அண்ணன். ஒன்று நேராக, ஒன்று கொஞ்சம் சாய்ந்து, ஒன்றில் ஓரம் பதியாமல். கண்காணிப்பாளர் கையெழுத்திட்டார். விண்ணப்பித்த நாள், தயாரான நாள், கொடுத்த நாள், மூன்று இடத்திலும் அன்றைய தேதி. மாப்பிள்ளை அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கோணலா இருக்கே அத்தை."

"தொட்டீங்க, அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் அவருடைய கடையிலேயே ஸ்கேன் எடுத்தார்கள். கோப்பு உருவான தேதி அன்றைய தேதி என்று காட்டியது. அப்படியே விட்டார்கள். கூட ஒரு பக்கக் கடிதம். நான் இந்த விண்ணப்பதாரரின் மருமகன். முதலில் ஏற்றிய கோப்பில் தேதியை மாற்றியதும், மங்கிய முத்திரைகளுக்குப் பதில் வேறு முத்திரையின் படத்தை வைத்ததும், நகல் சான்றுரையை நீக்கியதும் நான்தான். விண்ணப்பதாரருக்கோ என் மனைவிக்கோ இது தெரியாது. ஆணையின் வாசகத்தில் எதையும் மாற்றவில்லை. இருந்தாலும் நான் செய்தது திருத்தம்தான், அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீதிமன்றம் வழங்கிய சான்றிட்ட நகலை இத்துடன் அனுப்புகிறேன், நீதிமன்றத்தையே நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். கடைசி வாக்கியத்தில் அக்கா ஒரு கமாவைச் சேர்த்ததாகக் கேள்வி.

அவர்கள் கேட்டார்கள். நகல் எண்ணைக் குறிப்பிட்டு, இதை நீங்கள்தான் வழங்கினீர்களா, அசல் உங்களிடம் இருக்கிறதா என்று எங்கள் அலுவலகத்துக்கு நேரடியாகவே கடிதம் வந்தது. ஆம், இருக்கிறது என்று கண்காணிப்பாளர் பதில் எழுதினார். அக்காவுக்கு வரவேண்டிய பதிலை மேசைக்கு மேசை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ தினமும் வழக்கம்போல மற்றவர்களின் காகிதத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு அனுமதி கிடைத்தது. மாப்பிள்ளையின் விண்ணப்பம் மட்டும் மறு பரிசீலனைக்குப் போய் நின்றுகொண்டது. அதனால் வேலையில் சேரவேண்டிய மகளும் அக்காவும் முதலில் புறப்பட்டார்கள். மாப்பிள்ளை வீட்டையும் கடையையும் பார்த்துக்கொண்டு பின்தங்கினார். "பொண்டாட்டியையும் மாமியாரையும் சேர்த்து ஒரே நாள்ல அனுப்பி வச்ச ஒரே ஆம்பிளை நான்தான் சார்" என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அவரே முழுசாகச் சிரிக்கவில்லை. மகள் புறப்படும்போது அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள் என்றும், இருவருக்கும் நடுவே நின்றிருந்த பேச்சு அந்தக் கடிதம் போன அன்றே திரும்பிவிட்டது என்றும் அக்கா சொல்லித் தெரியும்.

மாப்பிள்ளையின் அனுமதியும் ஒருநாள் வந்தது. தாமதமானாலும் வந்தது. கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அவரும் போய்ச் சேர்ந்தார்.

போன பிறகு எனக்கு ஒரு படம் அனுப்பினார். மகள் மருத்துவமனைச் சீருடையில், அக்கா கம்பளிச் சட்டைக்குள் பாதி மறைந்து, இருவரும் ஒரு பூங்கா பெஞ்சில். நல்ல வெயில். ஆனால் படத்தின் மூலையில் கேமரா பதித்த நேரம் நடு இரவைக் காட்டியது. கேமராவின் கடிகாரம் இன்னும் நம் ஊர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொடுக்கில் அவர் அதை மாற்றியிருக்கலாம். மாற்றாமல், கீழே ஒரு வரி எழுதியிருந்தார்.

"சார், மூலையில் உள்ள நேரம் நம்ம ஊர் நேரம், இங்கே மதியம், படத்தில் எதையும் தொடவில்லை."

அதில் மூன்று கமா இருந்தது. யார் சொல்லி வைத்தார் என்று கேட்கத் தேவையில்லை.